லாபத்துக்குக் கீழே ஒரு வரி

ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டுகிறவர்களில் பெரும்பாலோர் லாப நட்டக் கணக்கில் ‘வரிக்குப் பிந்தைய லாபம்’ என்ற வரியோடு நின்றுவிடுகிறார்கள். மறுநாள் செய்தித்தாளில் வருவதும் அந்தத் தொகைதான். ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. அதற்குக் கீழே ‘இதர விரிவான வருமானம்’ என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. கணக்காளர்கள் அதை ஓசிஐ என்பார்கள். அந்தப் பகுதியின் முதல் வரிகளிலேயே, ‘வரையறுக்கப்பட்ட பலன் திட்டங்களின் மறுமதிப்பீடு’ என்ற பெயரில் சில கோடிகள் கூடவோ குறையவோ எழுதப்பட்டிருக்கும். ஊழியர்களுக்கு நிறுவனம் கொடுத்த பழைய வாக்குறுதிகளுக்கு முன்பு போட்ட விலை சரியாக இருந்ததா என்பதைச் சொல்லும் வரி இது. லாபத்தைப் படிக்கிற கவனத்தோடு இதையும் படிக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

வாக்குறுதி என்று நான் சொல்வதன் பொருள் இதுதான். வருங்கால வைப்பு நிதியிலோ என்பிஎஸ் திட்டத்திலோ நிறுவனம் மாதாமாதம் தன் பங்கைக் கட்டிவிட்டால் அதன் கடமை முடிந்தது. அந்தப் பணம் வளர்வதும் தேய்வதும் ஊழியரின் பாடு. வரையறுக்கப்பட்ட பலன் திட்டத்தில் நிலைமை தலைகீழ். ‘கடைசிச் சம்பளத்தில் பாதியை உயிரோடு இருக்கும்வரை தருகிறேன், உங்களுக்குப் பின் குடும்பத்துக்கும் ஒரு பங்கு தருகிறேன்’ என்று நிறுவனம் பலனை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதற்கு எவ்வளவு பணம் தேவைப்படும் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. சம்பளம் எவ்வளவு உயரும், வட்டி எப்படிப் போகும், மனிதர் எத்தனை வயது வாழ்வார் என்ற மூன்று கேள்விகளுக்கும் உள்ள அபாயத்தை நிறுவனமே சுமக்கிறது. 2010 ஏப்ரல் 1-க்கு முன் பொதுத்துறை வங்கிகளில் சேர்ந்து ஓய்வூதியத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் இந்த வகையில் வருகிறார்கள். அந்தத் தேதிக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு என்பிஎஸ். ஓய்வூதியமே இல்லாத தனியார் நிறுவனங்களிலும் பணிக்கொடை இருக்கிறது. அதுவும் கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால் இதே வகைதான். ஆகவே இந்த வரி ஏறக்குறைய எல்லாப் பெரிய நிறுவனங்களின் கணக்கிலும் இருக்கும்.

இந்த வாக்குறுதிக்கு ஒவ்வொரு ஆண்டும் விலை போடுகிறவர் ஆக்சுவரி. நிதியாண்டு முடியும்போது மனிதவளப் பிரிவு அவருக்கு ஒரு பட்டியல் அனுப்பும். ஒவ்வோர் ஊழியருக்கும் ஒரு வரி. அதில் பிறந்த தேதி, சேர்ந்த தேதி, அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி ஆகியவை இருக்கும். இந்தப் பட்டியலில் ஒருவர் சேர்ந்த ஆண்டு தவறாக விழுந்தால் கடன் தொகையும் தவறும். அதனால் தணிக்கையாளர்கள் முதலில் சரிபார்ப்பது ஆக்சுவரியின் சூத்திரங்களை அல்ல, இந்தப் பட்டியலைத்தான்.

பட்டியலில் உள்ள ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முப்பது வயதில் சேர்ந்து அறுபதில் ஓய்வு பெறப்போகும் ஓர் அம்மாவுக்கு இப்போது ஐம்பது வயது என்று வைத்துக்கொள்வோம். ஓய்வு பெறும் நாளில் அவருடைய மொத்த ஓய்வூதியத்தின் மதிப்பு 90 லட்சம் ரூபாயாக இருக்கும் என்று ஆக்சுவரி மதிப்பிடுகிறார். சம்பள உயர்வு, ஆயுள், குடும்ப ஓய்வூதியம் எல்லாம் இந்த மதிப்பீட்டுக்குள் அடக்கம். முப்பது ஆண்டுப் பணிக்கு 90 லட்சம் என்றால் ஓர் ஆண்டுப் பணிக்கு 3 லட்சம். இதுவரை இருபது ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறார், ஆகவே 60 லட்சத்தைச் சம்பாதித்துவிட்டார். ஆனால் அது பத்து ஆண்டு கழித்துத் தேவைப்படும் பணம். இன்று எவ்வளவு ஒதுக்கி வைத்தால் அது பத்து ஆண்டில் 60 லட்சமாகும்? வட்டி 7 சதவீதம் என்றால் 30 லட்சத்து 50 ஆயிரம். இதுதான் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் பெயரில் நிறுவனம் பட்டிருக்கும் கடன்.

அடுத்த ஓர் ஆண்டில் இந்தக் கடன் இரண்டு காரணங்களால் வளர்கிறது. முதலாவது, அவர் இன்னும் ஓர் ஆண்டு உழைத்து இன்னொரு 3 லட்சத்தைச் சம்பாதிக்கிறார். அது ஒன்பது ஆண்டு கழித்துத் தேவைப்படுவது என்பதால் ஆண்டு முடிவில் அதன் மதிப்பு 1 லட்சத்து 63 ஆயிரம். இதற்குப் பணிச் செலவு என்று பெயர். சம்பளம் போலவே இதுவும் அந்த ஆண்டு வாங்கிக்கொண்ட உழைப்புக்கான கூலிதான். கையில் கொடுக்கவில்லை, அவ்வளவே. இரண்டாவது, பழைய கடன் ஓய்வு நாளை நோக்கி ஓர் ஆண்டு நெருங்கிவிட்டது. 30 லட்சத்து 50 ஆயிரத்துக்கு 7 சதவீதம் என்றால் 2 லட்சத்து 13 ஆயிரத்து 500 ரூபாய். இது வட்டிச் செலவு. வங்கியில் யாரும் கடன் வாங்கவில்லையே, வட்டி எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதுண்டு. ஊழியரிடம் இன்று தர வேண்டியதைப் பின்னால் தருகிறேன் என்று நிறுவனம் நிறுத்தி வைத்திருக்கிறது. அந்தக் காலத்துக்கான வட்டிதான் இது. இரண்டையும் கூட்டினால் ஆண்டு முடிவில் கடன் சுமார் 34 லட்சத்து 27 ஆயிரம் என்று வரும். நேரடியாகப் போட்டாலும், 63 லட்சத்தை ஒன்பது ஆண்டுக்கு 7 சதவீதத்தில் தள்ளினால் அதே தொகைதான் கிடைக்கிறது.

எல்லாம் எதிர்பார்த்தபடி நடந்திருந்தால் கணக்கு இங்கேயே முடிந்துவிடும். நடப்பதில்லை. அந்த 7 சதவீதம் நிறுவனம் தன் விருப்பப்படி எடுத்துக்கொள்ளும் விகிதம் அல்ல. இந்தியக் கணக்கியல் தரமான இன்ட் ஏஎஸ் 19-இன்படி, கடனின் கால அளவுக்குப் பொருந்தும் அரசுப் பத்திரங்கள் ஆண்டு முடிவு நாளில் தரும் விளைச்சலிலிருந்து அதை எடுக்க வேண்டும். அந்த விளைச்சல் ஓரிடத்தில் நிற்பதில்லை. பத்தாண்டு அரசுப் பத்திரம் 2020-இன் நடுவில் 6 சதவீதத்தை ஒட்டியும், 2023 மார்ச் முடிவில் 7.3 அருகிலும், 2025 மார்ச் முடிவில் 6.6 அருகிலும் இருந்தது. நம் எடுத்துக்காட்டில் ஆண்டு முடிவன்று விளைச்சல் 6.5-க்கு இறங்கிவிட்டது என்று வைப்போம். அதே 63 லட்சத்தின் இன்றைய மதிப்பு 34 லட்சத்து 27 ஆயிரத்திலிருந்து 35 லட்சத்து 74 ஆயிரமாகத் தாவுகிறது. ஊழியர் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட உழைக்கவில்லை, அவருக்குக் கிடைக்கப்போவதும் ஒரு ரூபாய்கூட உயரவில்லை. அரை சதவீத இறக்கத்துக்காக மட்டும் கடன் 1 லட்சத்து 47 ஆயிரம் கூடிவிட்டது. இதுதான் ஆக்சுவரி நட்டம். விளைச்சல் ஏறியிருந்தால் இதே வழியில் லாபம் வந்திருக்கும். உண்மையில் தாக்கம் இதைவிடப் பெரிதாகவே இருக்கும். ஓய்வுக்குப் பிந்தைய இருபது இருபத்தைந்து ஆண்டுத் தவணைகளும் அதே விகிதத்தில் தள்ளப்படுவதால் 90 லட்சம் என்ற தொகையே ஏறிவிடும். கணக்கு கைக்கு அடங்க வேண்டும் என்பதற்காக அதை இங்கே அசைக்காமல் விட்டிருக்கிறேன்.

கடனுக்கு எதிரே சொத்தும் உண்டு. ஓய்வூதிய அறக்கட்டளையில் இந்த அம்மாவின் பங்காக ஆண்டுத் தொடக்கத்தில் 28 லட்சம் இருந்தது, அந்த ஆண்டில் புதிதாக ஒன்றும் செலுத்தவில்லை என்று கொள்வோம். அந்தச் சொத்தும் அதே 7 சதவீதம் சம்பாதித்ததாகவே லாப நட்டக் கணக்கு எடுத்துக்கொள்ளும். கடன் 30 லட்சத்து 50 ஆயிரம், சொத்து 28 லட்சம். இடையில் உள்ள பற்றாக்குறை இரண்டரை லட்சம். அதற்கு 7 சதவீதம் 17,500 ரூபாய். ஆக, லாபத்தைக் குறைக்கும் செலவு பணிச் செலவும் இந்த நிகர வட்டியும் சேர்ந்து 1 லட்சத்து 80 ஆயிரத்து 500 மட்டுமே. நிதி உண்மையில் 2 லட்சத்து 60 ஆயிரம் சம்பாதித்திருந்தால், 7 சதவீதக் கணக்கான 1 லட்சத்து 96 ஆயிரத்துக்கு மேல் வந்த 64 ஆயிரம் ஓசிஐ-க்குப் போகிறது. கடன் பக்கத்தில் வந்த 1 லட்சத்து 47 ஆயிரம் நட்டத்தோடு அதைக் கழித்தால் ஓசிஐ-இல் நிற்பது 83 ஆயிரம் நட்டம். இந்த ஈடுகட்டல் தற்செயல் அல்ல. வட்டி இறங்கும்போது நிதி வைத்திருக்கும் பழைய பத்திரங்களின் விலை ஏறும். கடனும் சொத்தும் ஒரே திசையில் நகரும்படி பத்திரங்களைத் தேர்ந்து வாங்கும் அறக்கட்டளைக்கு ஓசிஐ வரி சிறியதாக இருக்கும். பணத்தைக் குறுகிய காலப் பத்திரங்களில் போட்டுவைத்திருக்கும் அறக்கட்டளைக்கு அந்த வரி ஆண்டுக்கு ஆண்டு துள்ளும்.

சொத்துக்கும் அதே 7 சதவீதம்தான் என்ற விதி ஒரு பழைய கோளாறை நீக்க வந்தது. சர்வதேசத் தரமான ஐஏஎஸ் 19-இன் முந்தைய வடிவத்தில், நிதி எவ்வளவு சம்பாதிக்கும் என்ற ‘எதிர்பார்ப்பை’ நிறுவனமே சொல்லலாம். நிறையப் பங்குகளில் முதலீடு செய்திருக்கிறோம், ஆகவே 9 சதவீதம் வரும் என்று சொன்னால் அந்த 9 சதவீதம் லாபத்தில் ஏறிவிடும். சந்தை ஏமாற்றினாலும் அந்த நட்டத்தை உடனே காட்ட வேண்டியதில்லை. கடன் அல்லது சொத்து, இவற்றில் எது பெரிதோ அதன் 10 சதவீதத்துக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் காட்டாமலே வைத்திருக்கலாம். மிஞ்சியதைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பலாம். பேலன்ஸ் ஷீட்டில் ஒரு பற்றாக்குறை, உண்மையில் வேறொரு பற்றாக்குறை என்ற நிலை இதனால் வந்தது. 2011-இல் திருத்தி 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தரம் இந்த இரண்டு வழிகளையும் அடைத்தது. ஏற்ற இறக்கம் முழுவதும் அந்தந்த ஆண்டே பேலன்ஸ் ஷீட்டுக்கு வந்தாக வேண்டும். அதே சமயம், பத்திரச் சந்தையின் ஆட்டத்தால் நிறுவனத்தின் வியாபார லாபம் ஆட வேண்டாம் என்று அதற்கு ஓசிஐ என்ற தனி இடம் ஒதுக்கப்பட்டது. இந்தியாவில் பெரிய நிறுவனங்கள் 2016 ஏப்ரல் 1 முதல் இந்த முறைக்கு மாறின.

ஓசிஐ-க்குப் போனது வெறும் காகித நட்டம் என்று சில நிர்வாகங்கள் பேசுவதுண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. ஓசிஐ-இல் எழுதப்படும் வேறு சில இனங்கள் பின்னாளில் லாபத்துக்குத் திரும்பும். ஓய்வூதிய மறுமதிப்பீடு திரும்பவே திரும்பாது. லாப நட்டக் கணக்கைத் தொடாமலே அது நிறுவனத்தின் தேக்கி வைத்த லாபத்தில் போய்ச் சேர்கிறது. நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை அப்படித்தான் காட்டச் சொல்கிறது. நம் எடுத்துக்காட்டில் பற்றாக்குறை இரண்டரை லட்சத்திலிருந்து 5 லட்சத்து 14 ஆயிரமாக உயர்ந்துவிட்டது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஓசிஐ வழியாக வந்தது. அந்தப் பள்ளத்தை நிறுவனம் ஒருநாள் ரொக்கமாக நிரப்பியே ஆக வேண்டும்.

எது ஓசிஐ-க்குப் போகும், எது லாபத்தில் அடிக்கும் என்ற எல்லையில்தான் பிழைகள் அதிகம் நேர்கின்றன. ஆக்சுவரி 6 சதவீதச் சம்பள உயர்வை வைத்திருந்தார், ஒப்பந்தத்தில் 9 சதவீதம் கிடைத்தது என்றால் அது கணிப்புத் தவறியது, ஓசிஐ-க்குப் போகும். ஆனால் ஓய்வூதிய விதியையே மாற்றிப் பலனைக் கூட்டினால் அது கணிப்பில் வந்த தவறு அல்ல, புதிய வாக்குறுதி. ஏற்கெனவே உழைத்து முடித்த ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கொடுப்பதால் அதைக் கடந்த காலப் பணிச் செலவு என்கிறார்கள். இன்ட் ஏஎஸ் 19-இல் அது முழுவதும் அந்த ஆண்டின் லாபத்தில் கழிய வேண்டும். இரண்டும் ஊழியரின் கையில் பணமாகவே வருவதால், விதி மாற்றத்தின் செலவைக் கணிப்புப் பிழையோடு சேர்த்து ஓசிஐ-க்குள் தள்ளிவிடும் ஆசை வரும். ஒரு நிறுவனம் அந்த ஆண்டு பலனை உயர்த்தியிருந்தும் அதன் குறிப்பில் ‘கடந்த காலப் பணிச் செலவு’ என்ற வரி காலியாக இருந்தால், படிப்பவர் அங்கே நிறுத்தி ஏன் என்று கேட்கலாம்.

இந்த வகைச் செலவு எவ்வளவு பெரிதாக வரும் என்பதற்கு வங்கிகளே சாட்சி. 2020 நவம்பர் ஒப்பந்தத்தையொட்டி வங்கிகளில் குடும்ப ஓய்வூதியம் மாறியது. அதற்கு முன் சம்பளப் படிநிலைக்கு ஏற்ப 15, 20, 30 சதவீதம் என்று மூன்று விகிதங்கள் இருந்தன, 9,284 ரூபாய் என்ற உச்சவரம்பும் இருந்தது. வரம்பு நீங்கி, எல்லோருக்கும் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்றானது. கணவரை இழந்த எத்தனையோ பெண்களின் மாத வருமானத்தை மாற்றிய முடிவு அது. செலவும் அதற்கேற்ப இருந்தது. ஸ்டேட் பேங்க் 7,418 கோடி ரூபாயை ஒரே காலாண்டில் ஒதுக்கியது. அதை ஐந்து ஆண்டுகளுக்கு மிகாமல் பரப்பிக்கொள்ள ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் வங்கிகளுக்கு அனுமதி தந்தது. பரப்பிக்கொண்ட வங்கிகளின் லாபத்தைப் பார்க்கிறவர்கள், இன்னும் எவ்வளவு பாக்கி என்று குறிப்பில் தேடிப்பார்க்க வேண்டியிருந்தது.

வங்கிகளைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இன்ட் ஏஎஸ் முறையை வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2019 மார்ச்சில் காலவரையின்றித் தள்ளிவைத்தது. அவை பழைய ஏஎஸ் 15 தரத்திலேயே இருக்கின்றன. அதில் ஓசிஐ என்ற இடமே கிடையாது. ஆக்சுவரி லாபமும் நட்டமும் நேரே லாப நட்டக் கணக்கில் விழும். நம் அம்மா ஒரு சிமெண்ட் நிறுவனத்தில் வேலை செய்தால் அந்த 83 ஆயிரம் லாபத்தைத் தொடாது. வங்கியில் வேலை செய்தால் அது ஊழியர் செலவு என்ற தலைப்பில் லாபத்தைக் குறைத்துவிடும். வட்டி இறங்கிய ஒரு காலாண்டில் வங்கியின் ஊழியர் செலவு திடீரென உயர்ந்தால், சம்பளத்தை அள்ளிக் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுவது தவறு. பத்திர விளைச்சல் அந்தக் காலாண்டில் எங்கே இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மீண்டும் அந்த ஓசிஐ வரிக்கு வருகிறேன். நிதிநிலை அறிக்கைக்குப் பின்னால் வரும் ‘ஊழியர் பலன்கள்’ குறிப்பில் அந்தத் தொகை எதனால் வந்தது என்று பிரித்திருப்பார்கள். வட்டி, சம்பள உயர்வு போன்ற நிதி அனுமானங்கள் மாறியதால் வந்தது ஒரு வரி. ஆயுள் அனுமானம் மாறியதால் வந்தது இன்னொரு வரி. அனுமானத்துக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியால் வந்தது மூன்றாவது, அதை அனுபவச் சரிக்கட்டல் என்பார்கள். முதல் வரி பெரும்பாலும் பத்திரச் சந்தையோடு சேர்ந்து மேலும் கீழும் போகும். நிறுவனத்தின் நேர்மையை அளக்க உதவுவது மூன்றாவதுதான். நியாயமாகக் கணித்திருந்தால் அது சில ஆண்டு லாபமாகவும் சில ஆண்டு நட்டமாகவும் இருக்க வேண்டும். நான்கைந்து ஆண்டறிக்கைகளை அடுக்கி வைத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் நட்டமாகவே வந்தால், சம்பள உயர்வைக் குறைத்துச் சொல்லியே பணிச் செலவைச் சிறிதாக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. லாபத்தில் காட்ட வேண்டிய செலவு ஆண்டுதோறும் ஓசிஐ வழியாக நழுவிக்கொண்டிருக்கிறது.

அதே குறிப்பில் எந்த இறப்பு அட்டவணையைப் பயன்படுத்தினார்கள் என்றும் எழுதியிருக்கும். பணியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ‘இந்தியக் காப்பீட்டு உயிர்கள் 2012-14’ என்ற அட்டவணையை எடுப்பார்கள். பணிக்கொடைக்கு அது போதும். ஓய்வூதியத்துக்கு, ஓய்வுக்குப் பிந்தைய ஆயுளே செலவைத் தீர்மானிக்கிறது. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் காப்பீடு எடுத்தவர்களைவிட நீண்ட காலம் வாழ்வதாகத்தான் பொதுவாக அனுபவம். அவர்களுக்கென்றே 2012-15 ஆண்டுகளின் தரவை வைத்துத் தனி அட்டவணை இருக்கிறது. பெரிய ஓய்வூதியக் கடன் உள்ள நிறுவனம் ஓய்வு பெற்றவர்களுக்கும் முதல் அட்டவணையையே வைத்திருந்தால் கடன் குறைவாகத் தெரியும். எண்பத்தைந்து, தொண்ணூறு வயதைத் தாண்டி ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் பெருகப் பெருக, அந்தக் குறை ஒவ்வோர் ஆண்டும் அனுபவச் சரிக்கட்டலில் நட்டமாக வந்து விழும்.